சம்பள நாளில் மீண்டும் குடித்தவர்

“என் கணவர் கொத்தனார். மறுவாழ்வு மையத்தில் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தவர், முதல் சனிக்கிழமையே குடித்துவிட்டார். மன உறுதியே இல்லாதவரை என்ன செய்வது?”

சகோதரி, மையத்தில் இல்லாத மூன்று விஷயங்கள் அந்தச் சனிக்கிழமை மாலையில் ஒன்றுசேர்ந்தன: கையில் வாரக்கூலி, உடன் வேலை செய்பவர்கள், வீட்டுக்கு வரும் வழியில் டாஸ்மாக் கடை. பல ஆண்டுகளாக இம்மூன்றோடும் பிணைந்துவிட்ட வேட்கை, அவற்றைக் கண்டதும் தானாகவே எழும்; அதை மன உறுதியால் மட்டும் அடக்கச் சொல்வது நியாயமன்று.

ஆகவே கூலியிலிருந்து தொடங்குங்கள். அவருடைய சம்மதத்தோடு மேஸ்திரியிடம் பேசி, பணத்தை வங்கிக் கணக்கில் போடும்படியோ ஞாயிறு காலையில் தரும்படியோ கேளுங்கள். கூலி பிரித்த கையோடு எல்லோரையும் கடைக்கு அழைத்துச் செல்லும் மேஸ்திரி என்றால், வேறு மேஸ்திரியிடம் வேலை தேடுவதே நல்லது. வேட்கையைக் குறைக்கும் மாத்திரைகள் உண்டு. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேளுங்கள். அவருக்குத் தெரியாமல் உணவில் எந்த மருந்தையும் கலக்காதீர்கள்.

தினமும் குடிக்கத் தொடங்கியிருந்தால், வீட்டில் அடைத்துவைத்துத் திடீரென நிறுத்தவும் வேண்டாம். கைநடுக்கமும் வியர்வையும் முதல் நாளிலேயே தெரியும். இரண்டு நாட்களுக்குள் வலிப்பும், அதையடுத்து ஆள் அடையாளம் தெரியாத குழப்பமும் வரக்கூடும். அப்போது தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.