பைபோலர் குளிசையோடு பிள்ளை பெறலாமா? வல்ப்ரோயேட்டும் லித்தியமும்

கேள்வி: எனக்கு 29 வயது, வெள்ளவத்தையில் இருக்கிறேன். பைபோலருக்கு வல்ப்ரோயேட் எடுக்கிறேன். அதற்கு முன்பு லித்தியத்தில் நாலு வருஷம் நன்றாக இருந்தேன். இனிப் பிள்ளைக்கு முயற்சிக்கப் போகிறோம். மாமி எல்லாக் குளிசையையும் விடச் சொல்கிறா. எது கூடிய ஆபத்து?

பதில்: கொழும்பில் மனநல கிளினிக் பார்க்கிற வைத்தியர் நான். மாமியின் பயம் வல்ப்ரோயேட்டைப் பொறுத்தவரை நியாயமானது. லித்தியத்தை அதோடு சேர்த்து எண்ணக்கூடாது.

வல்ப்ரோயேட் எடுக்கும் தாய்மாருக்குப் பிறக்கும் 100 பிள்ளைகளில் சுமார் 10 பேருக்குப் பிறவிக் குறைபாடு வருகிறது. மற்றப் பிள்ளைகளில் அது 2 அல்லது 3. அதைவிடப் பெரிய விஷயம், 100இல் 30 முதல் 40 பேருக்குப் பேச்சு, நடை, படிப்பு என்று வளர்ச்சி பிந்துகிறது. அது பிறந்தவுடன் தெரியாது. ஸ்கேனிலும் தெரியாது. வல்ப்ரோயேட் கெடுக்கக்கூடிய பிள்ளையின் முள்ளந்தண்டு மூடுவது கருத்தரித்து 28 நாளுக்குள், அதாவது மாதவிடாய் தள்ளிப்போய் இரண்டு கிழமைக்குள். கர்ப்பமா என்று பரிசோதித்துப் பார்த்துவிட்டு மாற்றலாம் என்றால் அதற்குள் காலம் போய்விடும். போலிக் அசிட் 5 மி.கி. எழுதித் தருவோம், ஆனால் அது வல்ப்ரோயேட்டின் கெடுதலை நீக்கிவிடும் என்று நம்பியிருக்க முடியாது. ஆகவே இந்த மருந்தில் எடைபோட ஒன்றும் இல்லை, முயற்சிக்கு முன்பே மாற்ற வேண்டும்.

லித்தியத்தில்தான் உண்மையான எடைபோடல் இருக்கிறது. அமெரிக்காவில் 13 இலட்சத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களைப் பார்த்து 2017இல் வந்த ஆய்வில், இதயக் குறைபாடு மருந்தெடுக்காதவர்களின் பிள்ளைகளில் 100க்கு 1 சொச்சம், லித்தியம் எடுத்தவர்களில் 2.4. நாளுக்கு 600 மி.கி. வரை எடுத்தவர்களில் வித்தியாசம் மிகக் குறைவு. 900க்கு மேலே போனால் ஆபத்து மும்மடங்கு. தட்டின் மறுபக்கம்: லித்தியத்தை நிற்பாட்டிய கர்ப்பிணிகளை 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு பார்த்தது. 40 கிழமைக்குள் பாதிப்பேருக்கு நோய் திரும்பியது. கர்ப்பமில்லாமல் நிற்பாட்டியவர்களிலும் ஏறக்குறைய அதே அளவுதான். கர்ப்பம் நோயை அடக்கிவைக்கும் என்பது சும்மா கதை. பிரசவத்துக்குப் பிறகோ நிலைமை இன்னும் மோசம். இரண்டு கிழமைக்குள் சடுதியாக விட்டவர்களுக்கு, மெல்லக் குறைத்தவர்களைவிட நோய் கூடுதலாகத் திரும்பியது.

உங்களைப் போலவே ஒருவர் வந்தார் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). ஆசிரியை, மேனியாவுடன் இரண்டு தடவை வாட்டில் இருந்தவர், வல்ப்ரோயேட் நாளுக்கு 1000 மி.கி. கருத்தடையை விடாமல் வைத்துக்கொண்டு, சிறுநீரகம், தைரொயிட் பார்த்து, லித்தியத்தைத் தொடங்கினோம். 500 மி.கி.யில் இரத்தத்தில் லித்தியம் தேவையான அளவை எட்டவில்லை. 750இல், இரவுக் குளிசைக்கு 12 மணித்தியாலம் கழித்து எடுத்த இரத்தத்தில் 0.65 வந்தது. பிறகே வல்ப்ரோயேட்டைக் கிழமைக்கு 200 மி.கி.யாகக் குறைத்து நிற்பாட்டினோம். சில மாதம் நித்திரையும் மனமும் குழம்பாமல் இருந்த பிறகுதான் கருத்தடையை எடுத்தார்.

கர்ப்பத்தில் சிறுநீரகம் லித்தியத்தை வேகமாக வெளியேற்றும். அவருக்கு 18ஆம் கிழமையில் 0.45க்கு இறங்கியது. 1000ஆகக் கூட்டினோம். கணவர் பதறிவிட்டார். ஆனால் இதயம் உருவாவது முதல் மூன்று மாதத்தில்தான், பிறகு கூட்டுவதால் அந்தக் குறைபாடு வராது. 34 கிழமை வரை மாதம் ஒரு தடவையும் அதன்பின் கிழமைக்கு ஒரு தடவையும் இரத்தம் பார்த்தோம். வயிற்றுப் பிள்ளையின் இதய ஸ்கேனும் செய்தோம்.

அளவு ஏறுகிற சந்தர்ப்பங்களும் உண்டு. மசக்கை வாந்தி விடாமல் வந்தால், வயிற்றோட்டம் பிடித்தால், கால் வீங்குகிறது என்று வீட்டில் உப்பை நிறுத்தினால், லித்தியம் உடலில் தேங்கும். கை பெரிதாக நடுங்குவது, நடை தள்ளாடுவது, பேச்சுக் குழறுவது தெரிந்தால் அடுத்த கிளினிக் நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். அன்றே அடுத்த வேளைக் குளிசையை எடுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நீங்கள் முன்பு லித்தியத்தில் நன்றாக இருந்தவர் என்பதால், என் விருப்பம் அதன் பக்கமே. லித்தியம் ஒத்துவராது என்றால் குவெடியாபின் என்ற மருந்தைப் பற்றிக் கேளுங்கள். ஏற்கெனவே மாதவிடாய் தள்ளிப்போயிருந்தால் வல்ப்ரோயேட்டை நீங்களாக விடவேண்டாம், அதே நாளில் வைத்தியரைப் பாருங்கள்.

பிரசவத் திட்டத்தை ஏழாம் மாதத்திலேயே எழுதி, மகப்பேறு வைத்தியருக்கும் உங்கள் பகுதிக் குடும்ப சுகாதார உத்தியோகத்தருக்கும் ஒவ்வொரு பிரதி கொடுங்கள். வலி தொடங்கியதும் லித்தியத்தை நிறுத்தி இரத்த அளவு பார்ப்பது, பிள்ளை பிறந்ததும் கர்ப்பத்துக்கு முந்திய அளவில் திரும்பத் தொடங்குவது, வலிக்கு டைக்ளோஃபெனாக் கொடுக்காமல் பரசிட்டமோல் கொடுப்பது, மூன்றும் அதில் இருக்க வேண்டும். லித்தியம் தாய்ப்பாலில் போகும். ஆசிரியை புட்டிப்பாலைத் தெரிவு செய்தார், இரவுப் பால் கணவரின் பொறுப்பு. நித்திரை கெட்டால் மேனியா வரும் என்று மாமிக்கு இப்போதே சொல்லிவையுங்கள், அப்போதுதான் அந்த இரவுகளில் யாரும் உங்களைத் தட்டி எழுப்ப மாட்டார்கள்.