அம்மாவை வங்கிக்கு ஒரே முறை அழைத்துப் போய் எல்லாவற்றையும் முடிக்க முடியுமா?

கேள்வி: அப்பா ஐந்து மாதங்களுக்கு முன் தவறிவிட்டார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவுக்கு 72 வயது, மூட்டு வலி, அதிக நேரம் உட்கார முடியாது. குடும்ப ஓய்வூதியம் அம்மா கணக்கில் வர ஆரம்பித்துவிட்டது. ஆனால் அந்தக் கணக்கில் இருப்பது அப்பாவின் செல்போன் எண். சிம் இப்போது வேலை செய்யவில்லை. கேஒய்சி புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. அப்பா பெயரில் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கும் ஒரு எஃப்டியும் இருக்கின்றன, நாமினி அம்மா. நவம்பரில் லைஃப் சர்டிபிகேட் வேறு. நான் சென்னையில் வேலை பார்க்கிறேன், அக்டோபரில் ஒரு நாள்தான் லீவு கிடைக்கும். கும்பகோணம் கிளையில் எல்லாவற்றையும் அன்றே முடித்துவிட முடியுமா?
— ஒரு வாசகி, சென்னை

பதில்: அம்மா ஒரு முறை வந்தால் போதும், ஆனால் எல்லா வேலைக்கும் அவர் வர வேண்டியதில்லை. முதலில் செல்போன் எண்ணை மாற்றிவிடுங்கள். வீட்டிலிருந்தே செய்யக்கூடிய மற்ற வேலைகள் அத்தனையும் அந்த எண்ணுக்கு வரும் ஓடிபியை நம்பித்தான் இருக்கின்றன. இன்னொரு காரணமும் உண்டு. துண்டிக்கப்பட்ட எண்ணைத் தொலைபேசி நிறுவனங்கள் குறைந்தது 90 நாள் சும்மா வைத்திருக்கும், அதற்குப் பிறகு வேறொருவருக்குத் தரலாம். அப்படித் தந்துவிட்டால் அம்மாவின் கணக்கு விவரங்கள் முகம் தெரியாத ஒருவரின் போனுக்குப் போகும். பழைய எண் உயிரோடு இருந்தால் சில வங்கிகளில் ஏடிஎம்மிலோ நெட் பேங்கிங்கிலோ எண்ணை மாற்றலாம். உங்களுக்கு அந்த வழி இல்லை. அம்மாவே நேரில் வந்து, படிவத்தில் கையெழுத்துப் போட்டு, அசல் ஆதாரைக் காட்ட வேண்டும்.

கேஒய்சி கடிதத்துக்குப் பயப்பட வேண்டாம். பெயரும் முகவரியும் மாறவில்லை என்றால் 'எந்த மாற்றமும் இல்லை' என்ற சுய உறுதிமொழியே போதும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பதிவு செய்த செல்போன், மின்னஞ்சல், ஏடிஎம், நெட் பேங்கிங், கடிதம் என எந்த வழியிலும் அதைத் தரலாம். முகவரி மட்டும் மாறியிருந்தாலும் புதிய முகவரியை இதே வழிகளில் தெரிவிக்கலாம், வங்கி அதைப் பின்னர் சரிபார்த்துக்கொள்ளும். ஆனால் நீங்கள் எப்படியும் நேரில் போகப்போகிறீர்கள், ஆகவே செல்போன் படிவத்தோடு சேர்த்து இதையும் அங்கேயே கொடுத்துவிடுவது நல்லது. இரண்டுக்கும் அதே ஆவணங்கள்தான்: ஆதார், பான், இரண்டு பாஸ்போர்ட் அளவு போட்டோ. பான் இல்லாவிட்டால் அதற்கான உறுதிமொழிப் படிவம். அசலும் நகலும் இரண்டுமே வேண்டும். ஒவ்வொரு நகலிலும் அம்மா கையெழுத்துப் போட்டு, தேதியும் எதற்காகத் தருகிறார் என்பதையும் எழுதிவிடட்டும். வயதானவர்களுக்குக் கைரேகை தேய்ந்திருந்தால் கிளையில் இருக்கும் ரேகைக் கருவி ஏற்காமல் போகலாம். அதனால் கருவியை நம்பி அசலை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

கிளம்புவதற்கு முன் பாஸ்புக், ஆதார், பான் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரைப் பாருங்கள். நம் ஊரில் அதிகம் சிக்கல் தருவது இனிஷியல்தான். ஒன்றில் 'எஸ். லட்சுமி' என்று இருக்கும், இன்னொன்றில் 'லட்சுமி சுப்பிரமணியன்' என்று இருக்கும். இனிஷியலின் விரிவு மட்டும் என்றால் பெரும்பாலான கிளைகளில் ஒரு விளக்கக் கடிதம் போதும். பெயரே வேறு என்றால் திருமணப் பதிவுச் சான்றோ அரசிதழ் அறிவிப்போ கேட்பார்கள், அது ஒரே நாளில் கிடைக்காது. பிறந்த தேதியையும் ஒப்பிடுங்கள். கையெழுத்தும் அப்படித்தான். பதினைந்து வருடத்துக்கு முன் போட்ட கையெழுத்துக்கும் இன்றைய நடுங்கும் கைக்கும் வித்தியாசம் தெரிந்தால், அன்றே புதிய மாதிரிக் கையெழுத்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று நீங்களே கேளுங்கள். இல்லாவிட்டால் பிறகு ஒவ்வொரு படிவமும் திரும்பி வரும்.

அடுத்து அப்பாவின் கணக்கு. இதில்தான் குடும்பங்கள் தேவையில்லாமல் அலைகின்றன. நாமினி இருக்கும்போது வங்கிக்குத் தேவை மூன்று விஷயம்: பூர்த்தி செய்த உரிமைகோரல் படிவம், இறப்புச் சான்றிதழ், நாமினியின் அடையாள ஆவணம். வாரிசுச் சான்றிதழ், நீதிமன்ற ஆணை, ஜாமீன்தாரர் எதையும் வங்கி கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி தெளிவாகச் சொல்லியிருக்கிறது. யாராவது வாரிசுச் சான்று கொண்டு வா என்றால், 'நாமினி பதிவாகியிருக்கிறதே, எந்த விதிப்படி கேட்கிறீர்கள், எழுத்தில் தர முடியுமா?' என்று மரியாதையாகக் கேளுங்கள். ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும். நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்ளத்தான் அதிகாரம் பெற்றவர். அந்தப் பணத்தில் மற்ற வாரிசுகளுக்கு உள்ள உரிமை அப்படியே இருக்கும். குடும்பத்துக்குள் அதைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

எஃப்டி முதிர இன்னும் காலம் இருந்தாலும், கணக்குதாரர் இறந்த நிலையில் முன்கூட்டி எடுப்பதற்கு அபராதம் கிடையாது. ஆனால் அம்மாவுக்கு உடனே பணம் தேவையா, வட்டி விகிதம் இன்று கிடைப்பதை விட அதிகமா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பழைய விகிதம் அதிகம் என்றால் முதிர்வு வரை விட்டுவைக்கலாம். இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன்: அப்பாவின் ஏடிஎம் கார்டில் இனி யாரும் பணம் எடுக்க வேண்டாம். வீட்டுச் செலவுக்குத்தானே என்று தோன்றும். ஆனால் இறந்த தேதிக்குப் பிந்தைய அந்தப் பதிவு கணக்கில் நிற்கும், உரிமைகோரலின்போது கேள்வியும் வரும்.

வரிசையில் பலர் மறந்துவிடும் ஒரு வேலை, அம்மாவின் சொந்தக் கணக்கில் இருக்கும் நாமினி. அநேகமாக அது அப்பாவாகத்தான் இருக்கும். அதை மாற்றவில்லை என்றால் அடுத்த தலைமுறைக்கு நாமினியே இல்லாத கணக்குதான் மிஞ்சும். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினியாகப் போடலாம், ஒவ்வொருவருக்கும் எத்தனை சதவீதம் என்றும் குறிக்கலாம். அம்மா கையெழுத்துப் போடுவார் என்றால் சாட்சி வேண்டாம். கைநாட்டு என்றால் இரண்டு சாட்சிகள் வேண்டும். நெட் பேங்கிங்கில் இந்த வசதி இருந்தால் எண் மாறிய பிறகு வீட்டில் உட்கார்ந்தே செய்யலாம். ஆனால் கிளையில் படிவம் கையில் கிடைத்தால் அன்றே கொடுத்துவிடுங்கள்.

இனி நாளும் நேரமும். ஒன்றாம் தேதியிலிருந்து பத்தாம் தேதி வரை ஓய்வூதியமும் சம்பளமும் எடுப்பவர்களால் கிளை நிறைந்திருக்கும். திங்கட்கிழமையும் விடுமுறைக்கு மறுநாளும் அப்படியே. இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை வங்கி இல்லை. ஆகவே அக்டோபர் நடுவில் ஒரு செவ்வாய் முதல் வியாழனுக்குள் வையுங்கள். பணம் எடுப்பதற்கு மட்டும் என்றால் மதிய உணவுக்குப் பிறகு போகலாம் என்பேன். உங்கள் வேலை அப்படி இல்லை. எண் மாற்றமும் கேஒய்சியும் ஒருவர் கணினியில் ஏற்ற, இன்னொரு அதிகாரி ஒப்புதல் தந்தால்தான் முடியும். மூன்றரைக்குப் போனால் பதிவு ஏறிவிடும், ஒப்புதல் மறுநாளுக்குத் தள்ளிப்போகும், நீங்கள் சென்னை பஸ்ஸில் இருப்பீர்கள். திறந்தவுடன் வரும் கூட்டம் கரைய ஒன்றரை மணி நேரம் விட்டு, பதினொன்றரை மணி சுமாருக்குப் போய்ச் சேருங்கள். உணவு இடைவேளைக்குள் ஒப்புதல் வரை முடிந்துவிட நிறைய வாய்ப்பு உண்டு.

முந்தின நாள் கிளைக்குப் போன் செய்து இரண்டு கேள்வி கேளுங்கள்: இறந்தவர் கணக்கைப் பார்க்கும் அதிகாரி நாளை இருப்பாரா, சிஸ்டம் வேலை செய்கிறதா? சிறிய கிளையில் ஒரே ஒருவர்தான் அந்த வேலையைப் பார்ப்பார். அவர் லீவு என்றால் உங்கள் லீவு வீண்.

டோக்கன் இயந்திரத்தில் அவசரத்தில் 'கேஷ்' பொத்தானை அழுத்திவிட்டால், அரை மணி காத்திருந்த பிறகு 'இது இங்கே இல்லை' என்பார்கள். சேவைக்கான டோக்கன் எடுங்கள். அப்பாவின் உரிமைகோரல் பெரும்பாலும் டோக்கன் வரிசையில் வராது, நேராக அதிகாரியின் மேஜைக்குப் போகும். அதனால் டோக்கனை எடுத்துவைத்துவிட்டு முதலில் அங்கே போய் ஆவணங்களைச் சரிபார்க்கக் கொடுங்கள். அம்மாவை வெயிலில் நிற்க வைக்கத் தேவையில்லை. மூத்த குடிமக்களுக்கு முன்னுரிமை கவுன்டர் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு, கேட்டால் தருவார்கள். படிவங்களை வங்கியின் இணையதளத்திலிருந்து எடுத்து முந்தின இரவே நிரப்பிக் கையெழுத்தும் வாங்கிவிட்டால் அம்மா உட்காரும் நேரம் பாதியாகும்.

லைஃப் சர்டிபிகேட்டுக்காக நவம்பரில் கிளைக்குப் போகவே வேண்டாம். ஆண்ட்ராய்டு போனில் AadhaarFaceRD, Jeevan Pramaan என்ற இரண்டு செயலிகளை இறக்கி, அம்மாவின் முகத்தைக் காட்டியே சான்று தரலாம், ரேகை தேவையில்லை. ஆதார் எண், ஓய்வூதிய ஆணை எண், கணக்கு எண் கையில் இருக்கட்டும். ஓய்வூதியம் வழங்கும் வங்கியைத் தேர்வு செய்யும் இடத்தில் நிதானமாகப் பாருங்கள், அங்கே தவறினால் சான்று நிராகரிக்கப்படும். சான்றுக்கான பிரமாண் எண் வந்ததோடு விட்டுவிடாமல், சில நாள் கழித்து ஏற்கப்பட்டதா என்றும் பார்த்துவிடுங்கள். போன் சரிப்படவில்லை என்றால் தபால்காரரை வீட்டுக்கு வரவழைத்துச் செய்யும் வசதியும் உண்டு. அன்று அம்மாவால் கிளம்பவே முடியாவிட்டாலும் வழி இருக்கிறது: 70 வயது கடந்தவர்களுக்கு கேஒய்சி ஆவணங்களை வீட்டுக்கு வந்து வாங்கும் சேவையைத் தரும்படி வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. கிளை மேலாளரிடம் கேளுங்கள்.

எண் மாறியதும் செக் புக் கேட்பது, வட்டிக்கு வரி பிடிக்க வேண்டாம் என்ற படிவம், புதிய எஃப்டி எல்லாம் போனிலேயே முடியும். பாஸ்புக்கில் பார்கோடு ஒட்டித் தரும் வங்கி என்றால் அதை அன்றே வாங்கிவிடுங்கள், பிறகு இயந்திரத்தில் நீங்களோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ வரவு செலவைப் பதிந்துகொள்ளலாம்.

கொடுக்கும் ஒவ்வொரு படிவத்துக்கும் தேதியும் முத்திரையும் போட்ட ஒப்புகைச் சீட்டு வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். உரிமைகோரலின் எல்லா ஆவணங்களும் சேர்ந்த நாளிலிருந்து 15 நாளுக்குள் வங்கி தீர்க்க வேண்டும், அந்த 15 நாள் தொடங்கும் தேதி அந்தச் சீட்டில்தான் இருக்கிறது. தாமதமானால் முதலில் வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள், 30 நாளில் பதில் இல்லையென்றால் cms.rbi.org.in தளத்தில் சீட்டை இணைத்துப் புகார் போடுங்கள்.