‘ஓரிரு இடங்களில்’ என்றால் எங்கள் ஊரிலா?

கேள்வி: எங்கள் சமுதாய வானொலியில் தினமும் மாலை 6 மணிக்கு வானிலை அறிக்கையைத் தமிழாக்கி வாசிக்கிறேன். நேயர்களில் பாதிப் பேர் விவசாயிகள். ‘115.6 மில்லிமீட்டர்’, ‘ஐசொலேட்டட்’, ‘வெரி லைக்லி’ இதையெல்லாம் எப்படிச் சொன்னால் அவர்களுக்குப் புரியும்? சதவீதத்தில் சொல்லலாமா? (கடலோர மாவட்ட வாசகி)

பதில்: நீங்கள் எழுதிய மூன்றும் மூன்று தனித்தனிக் கேள்விகளுக்கான பதில்கள். எவ்வளவு பெய்யும், எத்தனை ஊரில் பெய்யும், அது நடக்கும் என்பதில் எவ்வளவு நிச்சயம். இந்திய வானிலை ஆய்வுத் துறை மூன்றுக்கும் தனித்தனிப் படிக்கட்டு வைத்திருக்கிறது. அறிக்கையில் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் அடுக்கிவிடுவதால்தான் தமிழில் சிக்கல் வருகிறது.

ஒரு மாதிரி வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: ‘ஹெவி டு வெரி ஹெவி ரெயின் வெரி லைக்லி அட் ஐசொலேட்டட் பிளேசஸ்’, அதன்பின் கடலூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் என்று மாவட்டப் பெயர்கள். வழக்கமாக இதை எப்படி எழுதுவோம்? ‘கடலூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் கன முதல் மிக கனமழை பெய்ய வாய்ப்புள்ளது.’ அச்சில் படிக்க இதில் பிழையே இல்லை. வானொலியில் இது மூன்று இடங்களில் சறுக்கும்.

முதலில் இடத்தைப் பார்ப்போம், ஏனென்றால் அதிகம் தப்பாகக் கேட்கப்படுவது அதுதான். ‘ஐசொலேட்டட்’ என்றால் அந்தப் பகுதியில் உள்ள மழைமானிகளில் நான்கில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவானவற்றில் மட்டும் அந்த மழை பதிவாகும் என்று அர்த்தம். மாவட்டத்தில் இருபது மழைமானி இருந்தால் ஐந்துக்குள். பாதி வரை போனால் ‘ஒருசில இடங்களில்’, முக்கால் வரை போனால் ‘பல இடங்களில்’, அதற்கும் மேல் ‘பெரும்பாலான இடங்களில்’. ஆக ‘ஓரிரு’ என்பது எண்ணிக்கைச் சொல் மாதிரி தோன்றினாலும், உண்மையில் அது பரப்பைச் சொல்கிறது.

நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் ‘ஐசொலேட்டட்’ என்பதை ஒரு நாள் ‘தனித்த இடங்களில்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மறுநாள் ஒரு விவசாயி கூப்பிட்டார். கடலை பிடுங்கிக் களத்தில் காயப்போட்டிருந்தவர். “தனியா ஒதுங்கி இருக்கிற ஊருக்குத்தான் மழைன்னு நெனச்சேன் ஐயா. நம்ம ஊரு ரோட்டு மேலதானே இருக்குன்னு மூடாம விட்டுட்டேன்” என்றார். கடலை முழுக்க நனைந்துவிட்டது. அன்றிலிருந்து அந்த இடத்தில் நான் ‘சில ஊர்களில் மட்டும்’ என்றுதான் எழுதுகிறேன். கூடவே ஒரு வாக்கியம் கட்டாயம் வரும்: ‘எந்த ஊர் என்று இப்போதே சொல்ல முடியாது.’ அந்த ஒரு வாக்கியம் இல்லாவிட்டால் கேட்பவர் தன் ஊரைச் சேர்த்துக்கொள்வதா விடுவதா என்று தானே முடிவு செய்துகொள்வார்.

‘பரவலாக’ என்ற சொல்லையும் விட்டுவிடுங்கள். எங்கும் நிறைந்து பெய்தது என்று ஒருவருக்குப் புரியும், அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெய்தது என்று இன்னொருவருக்குப் புரியும்.

அடுத்தது நிச்சயம். அறிக்கையில் ‘லைக்லி’ என்றால் நூற்றுக்கு 25 முதல் 50 வரை. ‘வெரி லைக்லி’ 50 முதல் 75 வரை. ‘மோஸ்ட் லைக்லி’ 75க்கு மேல். தமிழில் நாம் மூன்றுக்கும் ‘வாய்ப்புள்ளது’ என்று ஒரே சொல்லைப் போட்டுக் கதையை முடித்துவிடுகிறோம். கால்வாசி நிச்சயமும் முக்கால்வாசி நிச்சயமும் கேட்பவர் காதில் ஒன்றாகிவிடுகிறது. அறுவடை இயந்திரத்துக்கு முன்பணம் கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவருக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை.

நான் வைத்திருக்கும் படிகள் இவை. ‘லைக்லி’க்கு ‘பெய்யலாம்’. ‘வெரி லைக்லி’க்கு ‘பெய்ய அதிக வாய்ப்பு’. ‘மோஸ்ட் லைக்லி’க்கு ‘பெய்யும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்’. 25க்குக் கீழே இருக்கும் ‘அன்லைக்லி’க்கு ‘வாய்ப்பு குறைவு’; ‘வாய்ப்பில்லை’ என்று ஒருநாளும் சொல்லாதீர்கள். உங்களுக்கு வேறு சொற்கள் பிடித்தால் அவற்றையே வையுங்கள். ஆனால் வைத்ததை மாற்றாதீர்கள். ‘பெய்யக்கூடும்’, ‘பெய்யலாம்’ என்று அழகுக்காக மாற்றி மாற்றி எழுதினால், நேயர் அதில் வித்தியாசம் தேடுவார். மேல்படிக்கு ‘பெரும்பாலும் பெய்யும்’ என்று எழுதத் தோன்றும். அதைத் தவிர்ப்பதற்குக் காரணம், ‘பெரும்பாலான இடங்களில் பெய்யும்’ என்பதோடு அது காதில் கலந்துவிடும்.

சதவீதம் பற்றிக் கேட்டீர்கள். வெறும் சதவீதம் வேண்டாம். ‘நாளை மழைக்கு 30 சதவீத வாய்ப்பு’ என்றால் என்ன என்று ஆம்ஸ்டர்டாம், ஏதென்ஸ், பெர்லின், மிலன், நியூயார்க் ஆகிய ஐந்து ஊர்களில் மக்களிடம் கேட்டு 2005-இல் ஓர் ஆய்வு வெளியானது. நாளின் 30 சதவீத நேரம் பெய்யும் என்று பலர் சொன்னார்கள், 30 சதவீத இடத்தில் பெய்யும் என்று வேறு சிலர். சரியான அர்த்தத்தைப் பெரும்பான்மையோர் சொன்ன ஒரே ஊர் நியூயார்க். எண் சொல்லியே ஆக வேண்டும் என்றால், ‘இதே மாதிரி வானம் கூடுகிற பத்து நாளில் ஆறு நாள் பெய்யும், நாலு நாள் பெய்யாது’ என்று சொல்லுங்கள். பெய்யாத நாலையும் சேர்த்துச் சொல்வது முக்கியம். இல்லாவிட்டால் மழை வராத அன்று ‘ரேடியோ பொய் சொல்லிவிட்டது’ என்பார்கள்.

இடத்தையும் நிச்சயத்தையும் பிரித்துச் சொல்லச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மாவட்டத்தில் எங்கோ மிக கனமழை பெய்ய நூற்றுக்கு 60 வாய்ப்பு, பெய்தாலும் நாலில் ஒரு பங்கு ஊரில்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட ஒரு ஊரில் அது பெய்ய, தோராயக் கணக்கில், 15தான். கேட்பவர் காதில் விழுந்தது ‘என் ஊருக்கு 60’. மறுநாள் வெயில் அடித்தால் அவர் அடுத்த எச்சரிக்கையை நம்பமாட்டார். அதற்காக 15 என்று சொல்லி அலட்சியப்படுத்தவும் கூடாது, அந்தப் பதினைந்துக்குள் இருப்பவருக்கு வீட்டுக்குள் தண்ணீர் வரும். ‘சில ஊர்களில் மட்டும், எது என்று தெரியாது, ஆனால் பெய்கிற இடத்தில் கடுமையாக இருக்கும்’ என்பதில் இரண்டு உண்மையும் வந்துவிடும்.

இனி அளவு. 115.6 என்பது மிக கனமழையின் கீழ் எல்லை. புள்ளிக்குப் பின்னால் வரும் எண் காதுக்கு வேண்டாம். சென்டிமீட்டரில் முழு எண்ணாகச் சொல்லுங்கள்: கனமழை 7 முதல் 11, மிக கனமழை 12 முதல் 20, அதி கனமழை 20க்கு மேல். அப்போதும் ‘12 செ.மீ. மழை’ கண்முன் வராது. அதற்கு நம்மிடம் நல்ல அளவு ஒன்று இருக்கிறது. வாயும் அடியும் ஒரே அகலமுள்ள ஒரு பாத்திரத்தைத் திறந்தவெளியில் வைத்தால், கனமழைக்கு அதில் நாலு விரற்கடை முதல் அரைச் சாண் வரை தண்ணீர் நிற்கும். மிக கனமழைக்கு அரைச் சாண் முதல் ஒரு சாண் வரை. அதி கனமழை என்றால் சாணைத் தாண்டும். சாண் ஏறக்குறைய 22 செ.மீ., விரற்கடை அதில் பன்னிரண்டில் ஒன்று. கணக்குக்குப் பக்கத்திலேயே வருகிறது.

அளவில் இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, ‘மிதமான மழை’. கேட்க இதமாக இருக்கிறது. ஆனால் அந்தப் படி 15.6 மி.மீ.யில் தொடங்கி 64.4 வரை போகிறது. ஆறு சென்டிமீட்டர் மழை பெய்தால் களத்தில் கிடக்கும் நெல் மிஞ்சாது. சொல்லை மாற்ற நமக்கு அதிகாரம் இல்லை. அறுவடைக் காலத்தில் மட்டும் ‘காயப்போட்டதை மூடுகிற அளவுக்கு மழை இருக்கலாம்’ என்று ஒரு வரி சேர்ப்பேன். இன்னொன்று, அதி கனமழைக்கு மேல் எல்லையே கிடையாது. 2023 டிசம்பர் 18 காலை வரையான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பதிவானது. 21 செ.மீ. பெய்தாலும் அதே பெயர்தான். ஆகவே ‘20 செ.மீ. வரை’ என்று கை தவறி எழுதிவிடாதீர்கள். ‘20 செ.மீ.க்கு மேல், எவ்வளவும் ஆகலாம்’ என்பதுதான் சரி.

நேரத்திலும் ஒன்று கவனியுங்கள். வானிலைத் துறையின் நாள் காலை 8:30-க்குத் தொடங்கி மறுநாள் 8:30-க்கு முடிகிறது. மாலை அறிக்கையின் முதல் நாள் என்பது நாளை காலையோடு முடிந்துவிடும். ‘இன்று’, ‘நாளை’ என்று மட்டும் சொல்லாமல் முடியும் நேரத்தைச் சொல்லுங்கள்.

சரி, மாதிரி வாக்கியத்தை இப்போது வாசிக்கிற வடிவில் எழுதுகிறேன். தமிழில் வினை கடைசியில் வருவதால் பத்து மாவட்டப் பெயரைக் கேட்டபின்தான் மழையா வெயிலா என்று தெரியும். அதனால் மாவட்டப் பெயரை முதலில் தனியாகச் சொல்லிக் காதைத் திருப்பிவிட்டு, பிறகு குட்டி வாக்கியங்களாக உடைக்கிறேன். எண்களை எழுத்தில் எழுதுங்கள், வாசிக்கும்போது தடுமாற்றம் இருக்காது.

‘கடலூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் மாவட்ட நேயர்களே, கவனியுங்கள். இப்போதிலிருந்து நாளை காலை எட்டரை மணி வரை உங்கள் மாவட்டங்களில் சில ஊர்களில் மட்டும் கனமழை முதல் மிக கனமழை வரை பெய்ய அதிக வாய்ப்பு. எந்த ஊர் என்று இப்போதே சொல்ல முடியாது. பெய்கிற இடத்தில் ஏழு முதல் இருபது சென்டிமீட்டர் வரை, அதாவது பாத்திரத்தில் ஒரு சாண் வரை தண்ணீர் நிற்கலாம். மீண்டும் சொல்கிறோம்: கடலூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம்.’

நீளம் நாலு மடங்காகிவிட்டது என்று தோன்றும். இடத்தை மிச்சப்படுத்த மழை இல்லாத மாவட்டங்களைச் சுருக்குங்கள், இதைச் சுருக்காதீர்கள்.

காற்றுக்கு ஒரு வார்த்தை. ‘ஸ்குவாலி’ என்பதற்கு நம் அறிக்கைகளில் ‘சூறாவளிக்காற்று’ என்று வரும். இலங்கைத் தமிழில் சூறாவளி என்றால் நாம் சொல்லும் புயலே. உங்கள் கரையில் அங்குள்ள வானொலியும் கேட்கும் என்பதால் நான் ‘பலத்த தரைக்காற்று’ என்று சொல்வேன், கடலுக்கு ‘பலத்த காற்று’. ‘45 முதல் 55 கி.மீ., இடையிடையே 65’ என்பதில் மீனவருக்கு வேண்டியது கடைசி எண். அதை முதலில் சொல்லுங்கள்: ‘திடீர் திடீரென அறுபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் வீசும்.’

எழுதியதை ஒலிபரப்புக்கு முன் நிலையத்து வாசலில் இருக்கும் காவலருக்கோ டீ கொண்டுவருபவருக்கோ ஒரே ஒரு முறை வாசித்துக் காட்டுங்கள். ‘புரிந்ததா’ என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். “அண்ணே, நாளைக்கு உங்க ஊர்ல மழை உண்டா?” என்று கேளுங்கள். “உண்டு” என்றோ “இல்லை” என்றோ பட்டென்று பதில் வந்தால் இடத்தைச் சொன்ன வாக்கியத்தை மறுபடி எழுதுங்கள். “வரலாம், வந்தா பெருசா வரும்” என்றால் அப்படியே வாசிக்கலாம்.