அந்த 770 கிலோமீட்டரில் அப்பத்தா எங்கே?

கேள்வி: அப்பாவின் 12 வருடப் பழைய பெட்ரோல் ஸ்கூட்டரை மாற்றியே ஆக வேண்டும். எலெக்ட்ரிக் வாங்கலாம் என்று கணக்குச் சொன்னால், "நமக்கு அது ஒத்து வராதும்மா" என்று எழுந்து போய்விடுகிறார். அதனால் அவருக்கு ஒரு கடிதமே எழுதியிருக்கிறேன், நகல் இணைத்துள்ளேன். தினம் 22 கி.மீ., மாதம் 770 கி.மீ. ஓடுகிறது. கரண்டுக்கு மாறினால் மாதம் 1,500 ரூபாய் மிச்சம். 3 யூனிட் பேட்டரி வண்டி, ஒரு சார்ஜுக்கு 120 கி.மீ. என்கிறார்கள். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு டி.கல்லுப்பட்டி பக்கம் அப்பத்தாவைப் பார்க்க வண்டியில் போவார் (ஒரு வழி 50 கி.மீ.). அதற்கு பஸ் இருக்கிறது. கடிதத்தில் இன்னும் என்ன சேர்த்தால் சம்மதிப்பார்?
— ஒரு மகள், மதுரை

பதில்: உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். புகை, சத்தம், ஆயில் மாற்றும் செலவு எல்லாம் இருக்கிறது. நீ போட்ட கணக்கைத்தான் நான் மறுபடி போட்டுப் பார்த்தேன்.

தினம் 22 கிலோமீட்டர், மாதம் 26 நாள் வேலை. 572 வருகிறது. நீ 770 என்று எழுதியிருக்கிறாய். மீதி 200 எங்கிருந்து வந்தது? அது அப்பத்தா வீட்டுக்குப் போய்வரும் தூரம். ஒரு தடவைக்கு 100, மாதம் இரண்டு தடவை. மிச்சக் கணக்கு காட்டும்போது அந்த 200 கிலோமீட்டரைச் சேர்த்துக்கொண்டாய். வண்டி அங்கே போய் வருமா என்று கேட்க வேண்டிய இடத்தில் அப்பாவை பஸ் ஏற்றிவிட்டாய். அவர் பஸ்ஸில் போனால் உன் 1,500 ரூபாய் 1,100 ஆகிவிடும், அதிலும் பஸ் டிக்கெட்டைக் கழிக்கவில்லை. உன் அப்பா இதைக் கண்டுபிடித்திருக்க மாட்டார் என்றா நினைக்கிறாய்? பெற்ற மகளிடம் இதைச் சொல்லிக்காட்ட அவருக்கு வாய் வரவில்லை, அதனால்தான் எழுந்து போகிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நீ என்னவென்று நினைத்தாய்? மருந்துப் பையை டிக்கியில் வைத்துக்கொண்டு கிளம்புகிறவர், வழியில் நின்று அவர் அம்மாவுக்குப் பிடித்ததை வாங்குவார். மதியம் சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு, வெயில் இறங்கினதும் புறப்படுவார். பஸ்ஸில் போகிறவன் கடைசி மினி பஸ்ஸை நினைத்துக்கொண்டே சாப்பிடுவான். வயதான தாயைப் போய்ப் பார்ப்பது ஒரு மகனுக்குக் கடமை. அதற்கு இடைஞ்சலாக வீட்டுக்கு எந்தப் பொருள் வந்தாலும் நான் அவர் பக்கம்தான்.

சரி, திட்டியாயிற்று. வண்டி விஷயத்தில் நீ சொல்வது தப்பில்லை, கேட்க வேண்டிய கேள்வியைத்தான் விட்டுவிட்டாய்.

கம்பெனி சொல்லும் 120, சோதனைக்கூடத்தில் உருளை மேல் ஓட்டி எடுத்த தூரம். ரோட்டில், அப்பா தனியாக 50 வேகத்தில் போனால் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 28 கிலோமீட்டர் கிடைக்கும். 3 யூனிட்டுக்கு 85. அம்மாவும் பின்னால் உட்கார்ந்தால் இன்னும் குறையும். ஆக, வீட்டில் முழுசாக ஏற்றிக்கொண்டு கிளம்பினால் ஊர் போய்ச் சேரும்போது பேட்டரியில் 40 சதவீதம் நிற்கும். திரும்பி வர 60 வேண்டும். எதிர்காற்று, சுற்றுவழி என்று கையிருப்பு 20 வைத்தால் 80. அங்கே அவர் இருக்கும் நேரத்தில் 40 சதவீதம், அதாவது 1.2 யூனிட் ஏற்ற வேண்டும். வண்டியோடு தரும் கைச்சார்ஜர் 750 வாட் என்றால் இரண்டு மணி நேர வேலை. காலை 10 மணிக்குப் போய் சாயங்காலம் 4 மணிக்குக் கிளம்புகிறவருக்கு, நடுவில் இரண்டு மணி நேரம் கரண்ட் போனாலும் தாராளமாக ஏறிவிடும். நெடுஞ்சாலை ஓட்டல் வாசலில் நிற்கும் சார்ஜரை நம்பாதே. அது பெரும்பாலும் காருக்கானது, அதன் சொருகி ஸ்கூட்டரில் நுழையாது.

ஆகவே உன் வீட்டுக்கு எலெக்ட்ரிக் வண்டி ஒத்து வருமா என்பது மதுரையில் முடிவாகிற காரியம் இல்லை. அப்பத்தா வீட்டுச் சுவரில் இருக்கும் ஒரு ப்ளக்கில் இருக்கிறது.

எங்கள் ஊர் வீட்டிலும் மூன்று ஓட்டை ப்ளக் இருந்தது. என் தம்பி புது ஸ்கூட்டரைக் கொண்டுபோய்ச் சொருகினால் சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிகிறது, வண்டியில் ஒன்றும் ஏறவில்லை. சார்ஜர் கெட்டுவிட்டது என்று அரை நாள் அதைத் திட்டிக்கொண்டிருந்தான். எலெக்ட்ரீஷியன் வந்து பலகையைக் கழற்றினார். மேலே இருக்கும் பெரிய ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லை. எர்த் வராத இடத்தில் ஏற்றமாட்டேன் என்று சார்ஜர் நின்றிருக்கிறது. அது செய்ததுதான் சரி. பழைய வீடுகளில் இது சகஜம். அவர் பல்பு ஒன்றை கரண்ட் ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவே கொடுத்துக் காட்டினார். எர்த் சரியாக இருந்தால் அது பளிச்சென்று எரிய வேண்டுமாம், எங்கள் வீட்டில் மினுக்கக்கூட இல்லை. (இதை நீ செய்து பார்க்காதே, எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்.) புதிதாக எர்த் குழி தோண்டி, கனமான ஒயர் இழுத்து, 15 ஆம்ப் ப்ளக் ஒன்று போட்ட பிறகுதான் வண்டியில் ஏறியது.

இன்னொன்று. அந்த ப்ளக் திண்ணைப் பக்கம் இருக்க வேண்டும். வீட்டுக்குள்ளிருந்து டி.வி.க்கு வாங்கிய மெல்லிய எக்ஸ்டென்ஷன் பெட்டியை இழுத்துக் கொடுத்தால் ஒயர் சூடாகும். சார்ஜ் போட்டு அரை மணி கழித்து ப்ளக் தலையைத் தொட்டுப் பார்க்கச் சொல். கை வைக்க முடியாத சூடு என்றால் உள்ளே பிடிப்பு தளர்ந்திருக்கிறது, உடனே எடுத்துவிட வேண்டும்.

"ஒத்து வராது" என்பதற்குள் இன்னொரு பயமும் இருக்கும். ராத்திரி 11 மணிக்கு ஊரிலிருந்து போன் வந்தால்? தினம் 22 கிலோமீட்டருக்குக் கால்வாசி பேட்டரி செலவாகும். ஒவ்வொரு ராத்திரியும் சொருகிவிட்டால், குறைந்தாலும் 75 சதவீதத்தில் நிற்கும், ஒரு வழிக்குப் போதும். ஆனால் ஒரு நாள், இரண்டு நாள் மறந்துபோனால் அந்த ராத்திரி அவர் நடுரோட்டில்தான். பெட்ரோல் என்றால் யாராவது ஒரு பாட்டிலில் கொண்டுவந்து ஊற்றுவார்கள். ஆசைப்பட்டு வாங்கச் சொல்வது நீ, அதனால் ராத்திரி ப்ளக் சொருகுவது உன் வேலை. அம்மா தலையில் கட்டாதே.

பேட்டரியும் வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் தளரும். அதை ஈடுகட்டப் பெரிய பேட்டரி வண்டிக்குப் பல ஆயிரம் கூடக் கொடுப்பதைவிட, அப்பத்தா வீட்டு எர்த்துக்குச் செலவழிப்பது மேல். அந்தச் செலவு உன் சம்பளத்திலிருந்து போகட்டும்.

அந்த நாலு பக்கக் கடிதத்தை இப்போது கொடுக்காதே. வருகிற ஞாயிறு பழைய வண்டியிலேயே அப்பா பின்னால் உட்கார்ந்து ஊருக்குப் போ. நீ கடைசியாக அங்கே போனது எப்போது என்று நான் கேட்கவில்லை. ஊர் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்தப் பலகையைக் கழற்றச் சொல். எர்த் போட அப்பத்தா வீட்டில் வழியே இல்லை என்றால் பெட்ரோல் வண்டியே வாங்குங்கள், அதில் உனக்கு வருத்தம் வேண்டாம். வழி இருந்தால், திரும்பி வந்து புதுக் கடிதம் எழுது. முதல் வரி, "அப்பா, அப்பத்தா வீட்டுத் திண்ணையில் ப்ளக் போட எலெக்ட்ரீஷியனிடம் சொல்லிவிட்டேன்." எக்ஸெல் கணக்கை அதற்கப்புறம் காட்டு.