பாதியில் நிற்கும் தூக்கணாங்குருவிக் கூடுகள்: மட்டையை வெட்டலாமா?

கேள்வி: மடத்துக்குளம் பக்கம் அமராவதிப் பாசனத்தில் எங்கள் தோட்டம் இருக்கிறது. கிணற்று மேட்டிலுள்ள மூன்று தென்னைகளில் தூக்கணாங்குருவிகள் 14 கூடுகள் கட்டியிருக்கின்றன. ஐந்தில்தான் குழாய் போன்ற வாசல் இருக்கிறது. மற்ற ஒன்பதும் கவிழ்த்த தொப்பி மாதிரி பாதியில் நிற்கின்றன. அவற்றுக்குக் கீழே ஆண் குருவிகள் தொங்கிக்கொண்டு இறக்கையை அடித்துக் கத்துகின்றன. பெண் குருவிகள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகின்றன. இத்தனை கூடு எதற்கு? காய் வெட்டு நெருங்கிவிட்டது. பாதிக் கூடுகள் இருக்கும் மட்டைகளை மட்டும் வெட்டச் சொல்லலாமா?

பதில்: ஒன்பதையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள். அவற்றில் சில கைவிடப்பட்டவை, சில இன்றோ நாளையோ குடியேறப்போகிறவை. கீழிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே தொப்பியாகத்தான் தெரியும். எது எது என்று பிரிக்கத் தெரிந்துவிட்டால் எந்த மட்டையை வெட்டலாம் என்பதற்கும் விடை கிடைத்துவிடும்.

நம் பக்கத்தில் இந்தத் தொப்பிக் கூட்டை ஆண் குருவியின் ஊஞ்சல் என்பார்கள். பெண் அடைகாக்கும்போது ஆண் மழைக்கு ஒதுங்குவதற்கு என்றும் சொல்வார்கள். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுவல்ல. பறவையியலாளர் சாலிம் அலி 1930இல் மகாராஷ்டிரக் கடலோரக் கிராமமான கிகிமில் இந்தக் குருவிகளைக் கூர்ந்து கவனித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. ஓர் ஆணுக்கு ஒரு துணை என்ற கணக்கே இங்கே இல்லை. ஒரு பெண் ஒரு கூட்டை ஏற்றுக்கொண்டதும் ஆண் அதை முடித்துக்கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே அடுத்த கூட்டைத் தொடங்கி அடுத்த பெண்ணை அழைக்கிறது. ஒரு பருவத்தில் இரண்டு, மூன்று, சில வேளைகளில் அதற்கும் மேல். ஜவுளிக் கடையில் புடவைகளை விரிப்பதுபோல் ஐந்தாறு கூடுகளை ஒன்றாகக் கட்டிவைத்து, 'இதில் ஒன்றை எடுத்துக்கொள்' என்று அது காத்திருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படியில்லை. கூடுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுகின்றன. குடியேறிய கூடு, நிராகரிக்கப்பட்ட கூடு, இப்போது கட்டிக்கொண்டிருக்கும் கூடு என எல்லாமே ஒரே மரத்தில் தொங்குவதால் நமக்குக் கூட்டமாகத் தெரிகிறது.

சரி, ஏன் பாதியில் நிறுத்த வேண்டும்? செலவைப் பாருங்கள். நெல் தாளின் விளிம்பிலோ தென்னங்கீற்றிலோ அலகால் ஒரு வெட்டுப் போட்டு, நுனியைக் கவ்விக்கொண்டு இழுத்து நாராகக் கிழிக்கிறது ஆண். ஒரு நார் ஒரு சாணிலிருந்து முழத்துக்கும் மேல் நீளும். ஒரு கூடு முடிய 500 தடவைகூடப் பறந்து போய்வர வேண்டியிருக்கும். முழுக் கூட்டுக்குச் சுமார் 18 நாள் ஆகும். தொப்பி நிலைக்கு வர ஏறக்குறைய 8 நாள். எந்தப் பெண்ணும் விரும்பாத கூட்டுக்கு மீதிப் பத்து நாளை ஏன் கொட்ட வேண்டும்? ஆகவே கவிழ்த்த தொப்பி, அதன் அடியில் குறுக்கே ஒரு பட்டை, இவ்வளவோடு நிறுத்திவிட்டுக் கூவத் தொடங்குகிறது. தலைக்கவசத்தின் தாடைப் பட்டையைப் போன்றது அந்தக் குறுக்குப் பட்டை. பின்னால் அதன் ஒரு பக்கத்தில் முட்டை அறையும் மறுபக்கத்தில் வாசல் குழாயும் வரும். அதுவரை இரு பக்கமும் திறந்திருப்பதால் பெண் உள்ளே புகுந்து பின்னலை நன்றாகப் பார்க்க முடியும். பாதிக் கூடு என்பது அரைகுறை வேலை அல்ல. பெண்ணின் முடிவுக்காக நிறுத்திவைத்த வேலை.

நீங்கள் பார்த்த இறக்கையடிப்பும் இந்தக் கட்டத்துக்கு உரியதுதான். பெண் குருவிகள் வரும்வரை ஆண்கள் அவரவர் பின்னலில் மூழ்கியிருக்கும். ஒரு பெண் மரத்தில் வந்து இறங்கியதும் தோப்பே கலகலத்துப் போகும். ஒவ்வோர் ஆணும் தன் தொப்பியின் அடியில் தொங்கி, மஞ்சள் உச்சந்தலையும் மார்பும் தெரிய இறக்கையைப் படபடவென்று அடித்து, கீச்சுக் குரலில் இழுத்துக் கத்தும். எங்கே நின்று ஆடுகிறது என்று பாருங்கள்: கூட்டின் வாசல் வரப்போகும் இடத்தில். பெண்ணின் கண் தன்மேல் விழுந்தால் போதாது, தான் கட்டிய கூட்டின்மேல் விழ வேண்டும். பத்துக் கூடுகள் தொங்கும் மரத்தில் அசைகிற கூடுதான் முதலில் கண்ணில் படும்.

வந்த பெண் எளிதில் மசிவதில்லை. உள்ளே போகும், நாரை அலகால் இழுத்துப் பார்க்கும், வெளியேறும், பக்கத்துக் கூட்டுக்குப் போகும். அதற்கு அந்த உரிமை உண்டு. ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து அடைகாப்பது முழுக்க அதன் பொறுப்பு, குஞ்சு வளர்ப்பும் பெரும்பாலும் அதன் தலையில்தான். கூடு அறுந்தால் அதற்கு ஒரு மாத உழைப்புப் போய்விடும். ஆணுக்கு அடுத்த கூடு இருக்கிறது.

எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறது என்று கேட்டால், பின்னலின் நேர்த்தியைவிடக் கூடு தொங்கும் இடத்துக்கே பெண் அதிக மதிப்புக் கொடுக்கிறது. உயரத்தில் இருக்க வேண்டும், மெல்லிய கிளையின் நுனியில் தொங்க வேண்டும். பாம்போ எலியோ எட்டாத இடம் என்று பொருள். நம் ஊருக்கு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று உடுமலை, தாராபுரம் பக்கம் எப்படி வீசும் என்று உங்களுக்குத் தெரியும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். இந்தக் குருவிகள் மரத்தின் கிழக்குப் பக்கத்தில் அதிகமாகக் கட்டுவது அந்தக் காற்றுக்கு மறைவு தேடித்தான் என்று கருதப்படுகிறது. உங்கள் மூன்று தென்னைகளைச் சுற்றி வந்து பாருங்கள். குழாய் வைத்த ஐந்தும் ஒரே பக்கம் கூடி, கைவிட்டவை காற்றுப் பக்கம் சிதறியிருந்தால் நான் வியப்படைய மாட்டேன்.

தொப்பி நிலையில் ஆண் ஈரமண்ணையோ சாணத்தையோ கொண்டுவந்து உள்சுவரில் ஒட்டுவதையும் பார்த்திருப்பீர்கள். அதில் மின்மினியைப் பதித்து விளக்கு வைக்கிறது என்று பாட்டிமார்கள் சொல்வார்கள். மண் ஒட்டுவது மெய், விளக்கு கதை.

இனி உங்கள் காய் வெட்டு. இரண்டு நாள் காலையில் ஏழு மணி வாக்கில் கிணற்று மேட்டிலிருந்து முப்பது நாற்பதடி தள்ளி ஒரு மணி நேரம் உட்காருங்கள். மூன்று மரங்களையும் தாளில் வரைந்து கூடுகளுக்கு எண் போட்டுக்கொள்ளுங்கள். பைனாகுலர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் நிறம் தெரியும்.

முதலில் தொப்பிகள் ஒன்பதையும் பாருங்கள். பின்னலில் பச்சை இருக்கிறதா, ஓர் ஆண் திரும்பத் திரும்ப அங்கேயே வருகிறதா என்பதுதான் கேள்வி. பச்சை நாரும் ஆணும் இருந்தால் அது நடப்பிலுள்ள கூடு, அதைத் தொட வேண்டாம். முழுக்கக் காய்ந்து பழுப்பேறி, இரண்டு காலையிலும் எந்த ஆணும் எட்டிப் பார்க்காவிட்டால் அது நிராகரிக்கப்பட்ட கூடு. நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். நம் வெயிலில் பச்சை சீக்கிரம் வெளுத்துவிடும், வெளுத்த தொப்பியிலும் ஆண் விடாமல் ஆடிக்கொண்டிருக்கலாம். நேற்றுவரை ஆடிய ஆண் திடீரென்று ஆட்டத்தை நிறுத்தி ஒரு தொப்பியை அவசரமாக மூடிக்கொண்டிருந்தால், அங்கே பெண் சம்மதித்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

குழாய் வைத்த ஐந்தில், ஊர்க்குருவி நிறத்திலிருக்கும் பெண் உள்ளே போய் நீண்ட நேரம் வெளியே வராவிட்டால் அடைகாக்கிறது. அலகில் புழுவோ வெட்டுக்கிளியோ வைத்துக்கொண்டு அடிக்கடி நுழைந்து வெளியேறினால் உள்ளே குஞ்சு இருக்கிறது. உங்கள் வயல் பூச்சிகளில் கொஞ்சம் இப்படித்தான் குறைகிறது. பால் பிடித்த கதிரையும் இதே குருவிகள் கொறிக்கும், அதை மறைக்க விரும்பவில்லை.

நாள் கணக்கு இப்படி. இரண்டு முதல் நான்கு முட்டைகள். அடைகாப்பு 14 முதல் 17 நாள், பிறகு குஞ்சு பறக்க இன்னொரு 17 நாள் போல. பெண் ஏற்றுக்கொண்டு முட்டையிடும் நாட்களையும் சேர்த்தால் ஐந்து முதல் ஆறு வாரம். 45 நாளுக்கு ஒரு வெட்டு என்று வைத்திருப்பவர் ஒரு வெட்டைத் தள்ளினால் இப்போது குழாய் வைத்திருக்கும் ஐந்தும் காலியாகிவிடும். ஆனால் அதற்குள் இன்றைய தொப்பிகளில் இரண்டு மூன்று குடியேறியிருக்கும். எல்லாம் காலியான நாளுக்குக் காத்திருந்தால் பருவம் முழுக்கக் காய் இறக்க முடியாது.

அதனால் நான் காயையும் மட்டையையும் பிரிக்கச் சொல்வேன். கூடுகள் கீழ் மட்டைகளின் கீற்று நுனியில் தொங்குகின்றன, குலை இருப்பது கொண்டையை ஒட்டி. மரமேறுபவரிடம் உங்கள் தாளைக் காட்டி, எண் போட்ட மட்டைகளில் அரிவாள் படாமல் குலையை மட்டும் அறுக்கச் சொல்லுங்கள். கூடில்லாத பக்கமாகக் காயைப் போட வேண்டும். மூன்று மரங்களையும் அடுத்தடுத்து ஏறாமல், ஒன்று முடிந்து குருவிகள் திரும்பிய பிறகு அடுத்ததில் ஏறட்டும். கீழிருந்து தொரட்டியால் இழுப்பது இந்த மூன்று மரங்களுக்கு வேண்டவே வேண்டாம், பக்கத்து மட்டையும் சேர்ந்து அதிரும். காய்ந்து தொங்கும் மட்டையில் குஞ்சுள்ள கூடு இருந்தால், அது தானாகக் கழன்று விழுவதற்கு முன் மட்டையின் நடுப்பகுதியை மேல் மட்டையோடு கயிற்றால் சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள். ஒரு மாதத்துக்கு அது போதும்.

பழுப்பேறிய பழைய கூட்டை வெட்டலாம் என்று முடிவெடுத்தாலும் ஒரு தடவை சரிபாருங்கள். தொப்பி என்றால் கவலையில்லை, வெட்டிவிடலாம். குழாயோடு காலியாகக் கிடக்கும் கூட்டில் வெண்தொண்டைச் சில்லை குடிவந்து முட்டையிடுவது வழக்கம். மங்கிய சாம்பல்பழுப்பில், கனத்த அலகும் கூர்வாலுமாக ஒரு சிறு பறவை அதிலிருந்து வெளியே பறந்தால் அந்த மட்டையையும் உங்கள் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.