முட்டி மாற்று நோயாளியும் பிசியோ நேர்காணலும்: கேள்வி பதில்

"முட்டி மாற்று ஆபரேஷன் முடிஞ்சு 3ஆம் நாள், 64 வயசு அம்மா காலை மடக்கவே விடலை, என்ன செய்வீங்க?"னு கேட்டாங்க. ஹீல் ஸ்லைடு, ஆங்கிள் பம்ப்னு எல்லாப் பயிற்சியும் சொன்னேன். என்னை ஏன் வேலைக்கு எடுக்கலை? (பி.பி.டி. இன்டர்ன்)

பட்டியல் எங்களுக்கும் தெரியும்மா. அந்த அம்மா ஏன் மடக்கலைங்கறதுதான் கேள்வி. வலியா, வீக்கமா, பயமா?

வலி மாத்திரை எப்போ கொடுத்தாங்கன்னு நர்ஸைக் கேளுங்க. ரத்தக்கட்டி அறிகுறி இருக்கான்னு கெண்டைக்காலைப் பாருங்க. அப்புறம் கட்டில் ஓரத்துல உட்கார வெச்சு, பேரன் பேச்சை எடுத்துக்கிட்டே காலைத் தொங்கவிடச் சொல்லுங்க. படுத்திருக்கும்போது 40 டிகிரியில நின்ன முட்டி இப்போ 70 போனா, மூட்டு தடுக்கலை. பயத்துல தொடைத்தசைதான் இறுக்கிப் பிடிக்குது. இங்கேயும் 40தான், முட்டி பந்து மாதிரி இருக்குன்னா முதல்ல ஐஸ், கால் உயரம். அழுத்தி மடக்கக் கூடாது.

பயம்னு தெரிஞ்சா, "பயப்படாதீங்க"ன்னு மட்டும் சொல்லாதீங்க. "என்ன ஆகிடும்னு தோணுதும்மா?"ன்னு கேளுங்க. பெரும்பாலும் "தையல் பிரிஞ்சிடும்"பாங்க. உள்ளேயும் அடுக்கடுக்கா தைச்சிருக்கு, தோல் இழுக்கிற மாதிரிதான் இருக்கும்னு சொல்லி, நல்ல காலில் முதல்ல செய்ய வையுங்க. பிறகு நல்ல பாதத்தை மற்ற காலுக்கு முன்னால வெச்சு, அதாலேயே மெதுவா பின்னுக்குத் தள்ளட்டும். 5 எண்ணுற வரை நிறுத்தி விடணும். "போதும்"னா அந்த நொடியே நிறுத்துங்க. ஒருதரம் ஏமாத்தினா மறுநாள் தொடவே விட மாட்டாங்க. கடைசியா, "வீட்ல எப்படிச் செய்வீங்க, காட்டுங்க"ன்னு கேளுங்க.

முட்டிக்கு அடியில தலையணை வைக்கக் கூடாதுன்னும் சொல்லுங்க. சுகமா இருக்கும், ஆனா முட்டியை முழுசா நீட்ட முடியாமலே போயிடும்.

மாடல் ஆன்சர் பிடிஎஃப் கிடைக்குமா சார்?

கிடைக்காது.

கெண்டைக்காலுக்கு ஹோமன்ஸ் டெஸ்ட் நெகட்டிவ்னா ஆரம்பிச்சிடலாம்தானே? (இறுதியாண்டு மாணவர்)

கெண்டைக்காலை நினைச்சது சரி. பாதத்தை மேலே மடக்கிக் கெண்டை வலிக்குதான்னு பார்க்கிற அந்த டெஸ்டை நம்பினதுதான் தப்பு. நெகட்டிவா வந்தும் ரத்தக்கட்டி இருக்கலாம். டேப் எடுத்து ரெண்டு கெண்டையையும் ஒரே உயரத்துல அளங்க. 3 செ.மீ.க்கு மேல வித்தியாசம், அமுக்கினா வலின்னா பயிற்சியை நிறுத்தி டாக்டருக்குச் சொல்லுங்க. டாப்ளர் ஸ்கேன் முடிவு செய்யட்டும்.

20 வருஷமா ஹோமன்ஸ் பார்க்கிறேன், ஒண்ணும் தப்பலை. ஆபரேஷன் செஞ்ச கால் வீங்கத்தானே செய்யும்? உங்க டேப் மட்டும் என்ன சொல்லிடும்? (மூத்த பிசியோ)

வீங்கும் சார், அதனால டேப்பும் முடிவில்லை, சந்தேகம்தான். ஆனா சந்தேகம் வந்தா டாக்டரைக் கூப்பிடுவோம். உங்க நெகட்டிவ் கூப்பிட விடாது. தப்பினதை வார்டுல யார் எண்ணினாங்க?

எண்ணலைதான். இருந்தாலும் விட மாட்டேன்.

சரி சார்.

எங்கம்மாவுக்கு 5 வாரம் ஆச்சு, 75 டிகிரிதான் மடங்குது. பயம்தானா?

இது நேர்காணல் கேள்வி இல்லை. இருந்தாலும், 5 வாரத்துக்கு 75 குறைவு. இந்த வாரமே சர்ஜனிடம் காட்டுங்க, மயக்கம் கொடுத்து மடக்கணுமான்னு அவர் பார்க்கணும், தள்ளிப்போட்டா கஷ்டம். முட்டிக்கு அடியில தலையணை இருக்கா?

இருக்கு சார். நர்ஸ்தான் வெச்சாங்க.

எடுங்க.

பிடிஎஃப் இருந்தா எனக்கும்...

மேலே பாருங்க.