ரிசல்ட் ஃபெயிலானால் அடுத்து என்ன என்று கேளுங்கள்

"எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்திருக்கிறேன், வீடு தண்டையார்பேட்டை. கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு மாத்திரை கம்பெனியில் க்யூசி என்ற தரச் சோதனை வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், ஷிப்ட் உண்டு. கம்பெனி தரமானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இல்லை, கிளினிக்கல் ரிசர்ச் பக்கம் போய்விடலாமா?"

இன்டர்வியூவுக்குப் போகும் முன் வீட்டிலிருந்தே ஒரு வேலையைச் செய்துவிடுங்கள். தரக்குறைவான மருந்துகளின் பட்டியலை மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதாமாதம் cdsco.gov.in தளத்தில் போடுகிறது. மருந்தின் பெயர், பேட்ச் எண், தயாரித்த கம்பெனி, எந்தச் சோதனையில் தவறியது என்பதெல்லாம் அதில் இருக்கும். கடந்த ஓராண்டுப் பட்டியல்களில் கம்பெனியின் பெயரைத் தேடுங்கள். ஒரு முறை வந்திருந்தால் அதை வைத்து மட்டும் முடிவு கட்ட வேண்டாம். மாத்திரை கரைவதைப் பார்க்கும் டிஸ்சொல்யூஷன், மருந்தின் அளவைப் பார்க்கும் அஸ்ஸே என்று மறுபடி மறுபடி வந்தால் யோசியுங்கள். அந்த மாத்திரைகளையும் யாரோ ஒரு அனலிஸ்ட் 'பாஸ்' என்று கையெழுத்துப் போட்டுத்தான் அனுப்பியிருப்பார். நாளை அந்த இடத்தில் உங்கள் கையெழுத்து இருக்கும்.

இன்டர்வியூவில் கடைசியாக "ஏதாவது கேட்கணுமா?" என்பார்கள். அப்போது, ரிசல்ட் லிமிட்டுக்கு வெளியே வந்தால் இங்கே என்ன நடைமுறை என்று கேளுங்கள். கம்பெனியின் தரம் அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.

பாராசிட்டமால் மாத்திரையையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய மருந்தியல் நூல்படி லேபிளில் சொன்ன அளவில் 95 முதல் 105 சதவீதம் இருக்க வேண்டும். உங்களுக்கு 93.8 வருகிறது. நல்ல லேபில் அந்தக் கரைசலைக் கீழே ஊற்ற மாட்டார்கள். ஃப்ளாஸ்க், சின்னக் குப்பி எல்லாம் அப்படியே இருக்கும். நீங்கள் உடனே மேலதிகாரியிடம் சொல்வீர்கள். அவர் உங்களோடு உட்கார்ந்து எடை போட்ட பிரின்ட், டைல்யூஷன், ஸ்டாண்டர்டு எல்லாவற்றையும் சரிபார்ப்பார். பிழை கிடைத்தால் அதை எழுதிவைத்துவிட்டுத்தான் மறுசோதனை. கிடைக்காவிட்டால் விசாரணை உற்பத்திப் பிரிவுக்குப் போகும். தவறு உற்பத்தியில்தான் என்று உறுதியானால் பேட்ச் ரிஜெக்ட்.

மோசமான லேபில், மருந்தை அளக்கும் எச்பிஎல்சி கருவியில் "இன்னொரு தடவை இன்ஜெக்ட் பண்ணு" என்ற ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். 'ட்ரையல்' என்று பெயர் போட்டு ஓட்டிப் பார்ப்பார்கள். பாஸ் ஆகும் வரை ஓட்டி மற்றதை அழிப்பார்கள். எச்பிஎல்சி கம்ப்யூட்டரில் ஆளுக்கொரு லாகின் இல்லாமல் எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு இருந்தால் அங்கே இது நடக்க வழி இருக்கிறது என்று அர்த்தம். லேபைச் சுற்றிக்காட்டினால் லாகின் தனித்தனியா, யார் எதை மாற்றினாலும் பதிந்துவைக்கும் ஆடிட் ட்ரெயில் ஆன் செய்திருக்கிறதா, தராசோடு பிரின்டர் இருக்கிறதா என்று பாருங்கள். சுற்றிக்காட்டவே தயங்கினால் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஷிப்டுக்கு வருவோம். எச்பிஎல்சியில் பல மாதிரிகளை வரிசையாக ஓட்டும் ஒரு சீக்வென்ஸ் போட்டால் பல மணி நேரம் ஓடும், அதனால் க்யூசியில் இரவு வேலை சகஜம்தான். அடுத்த ஷிப்ட் ஆள் வராமல் நீங்களே தொடர்ந்து நிற்க வேண்டி வருவதும், மாதக் கடைசியில் சரக்கு அனுப்பும் அவசரமும்தான் ஆளைச் சோர்வாக்கும். ஷிப்டுக்கு எத்தனை அனலிஸ்ட், கூடுதல் நேரத்துக்குச் சட்டப்படி இரட்டிப்புச் சம்பளம் தருகிறார்களா என்று கேளுங்கள். பி ஷிப்ட் முடிந்து இரவு பத்து மணிக்கு மேல் வெளியே வந்தால் கும்மிடிப்பூண்டி லோக்கலை மட்டும் நம்ப முடியாது. கம்பெனி பஸ் தண்டையார்பேட்டை வரை வருமா, பொன்னேரியிலேயே இறக்கிவிடுமா என்பதைச் சேரும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

வளர்ச்சியைப் பொறுத்தவரை, இரண்டு வருஷம் டிஸ்சொல்யூஷன் மட்டுமே செய்தவருக்கு அடுத்த கம்பெனியில் பெரிய மதிப்பு இல்லை. மூலப்பொருள், மாத்திரை, நாள்பட மருந்து கெடாமல் இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்டெபிலிட்டி என்று மாற்றி மாற்றிப் போடுவார்களா, சோதனை முறையையே சரிபார்க்கும் மெத்தட் வேலிடேஷனில் சேர்ப்பார்களா என்று கேளுங்கள். அப்புறம், சோதனைப் பிரிவுக்கான தொழில்நுட்ப ஆள் என்று மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் உங்கள் பெயருக்கு ஒப்புதல் வாங்கித் தருவார்களா என்பதும் முக்கியம். அது கையில் இருந்தால் சின்ன கம்பெனிகள் தேடி வரும்.

கிளினிக்கல் ரிசர்ச் என்று எல்லோரும் ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே இரண்டு வேலை இருக்கிறது. ரத்த மாதிரியில் மருந்தின் அளவைப் பார்க்கும் பயோஅனலிட்டிக்கல் லேப் உங்கள் படிப்புக்கு நேராகப் பொருந்தும். க்யூசியில் எச்பிஎல்சி பழகியவரை அங்கே எடுத்துக்கொள்வார்கள். ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் ஒப்புதல் படிவம், விசிட், பதிவேடு பார்க்கும் கோஆர்டினேட்டர் வேலை வேறு. அதில் பார்மசி, நர்சிங், உயிரியல் படித்தவர்களோடு போட்டி போட வேண்டும், பெரும்பாலும் ஒப்பந்த வேலை. அதில் விருப்பம் இருந்தால் லட்சங்களில் கட்டணம் கேட்கும் டிப்ளமாவில் முதலில் பணம் போடாதீர்கள். மருத்துவ ஆய்வுக்கான நெறிமுறைகளைச் சொல்லும் ஜிசிபி பயிற்சி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. இந்தியாவின் மருத்துவ ஆய்வுப் பதிவேடான சிடிஆர்ஐ தளத்தில் சென்னையில் எந்த ஆஸ்பத்திரியில் எந்த ஆய்வு நடக்கிறது, பொறுப்பான டாக்டர் யார் என்று போட்டிருப்பார்கள். அவர்களுக்கே நேராக எழுதுங்கள். சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் புராஜெக்ட் வேலை அறிவிப்புகளையும் அவ்வப்போது பாருங்கள்.

உங்கள் நிலையில் நான் இருந்தால், லிமிட் கேள்விக்கு ஒழுங்கான பதில் வந்த பட்சத்தில் கும்மிடிப்பூண்டி வேலையை எடுத்துக்கொண்டு, இரண்டு வருஷம் எச்பிஎல்சியைக் கையில் நன்றாகப் பிடித்துக்கொண்டு, பிறகு பயோஅனலிட்டிக்கல் லேபுக்கு விண்ணப்பிப்பேன்.